நிக்கொமீடியாச் சுவரில் ஒட்டிய மூன்று அரசாணைகள்

நாள் 1: இஸ்தான்புல் – இஸ்மித்

காலை ரயிலில் இடம் கிடைத்தது. மர்மரா கடல் வலப்பக்கம் கூடவே வந்தது. நடுநடுவே தொழிற்சாலைகளும் துறைமுகக் கிரேன்களும். "இதுக்காப்பா ஏழு மணிக்கு எழுப்புனீங்க?" என்று மகள் கேட்டாள். இஸ்மித்துக்குச் சுற்றுலாப் பயணிகள் யாரும் வருவதில்லை. ஆனால் 1,700 வருஷத்துக்கு முன்னால் இதன் பெயர் நிக்கொமீடியா. பேரரசர் டயோக்ளீஷியன் ரோமை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்துதான் ஆண்டார். கிறிஸ்தவர்களை ஒடுக்கும் ஆணையும், அதை ரத்து செய்த ஆணையும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஆணையும் பத்தே வருஷத்தில் இதே ஊரில் ஒட்டப்பட்டன. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் சான்றிதழும் மகஜரும் எழுதி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

ரோமாபுரி என்றதும் சிங்கமும் நீரோவும்தான் நமக்கு நினைவு வரும். நீரோ 64-ல் ரோம் எரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான். கொடூரம்தான், ஆனால் அது ரோம் நகரத்தோடு முடிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு வருஷம், "பேரரசு முழுக்கக் கிறிஸ்தவர்களைப் பிடி" என்று எந்தப் பேரரசரும் உத்தரவு போடவில்லை. அப்படியானால் அந்த இருநூறு வருஷம் செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள்? அதற்குப் பதில் இந்த மாகாணத்துக் கோப்பிலேயே இருக்கிறது.

112 வாக்கில் இந்தப் பித்தினியா–பொந்துஸ் மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர் பிளினி. எல்லாவற்றுக்கும் மேலிடத்தைக் கேட்டு எழுதும் அதிகாரி. நிக்கொமீடியாவில் ஒரு தீ விபத்தில் பல வீடுகளும் இரண்டு பொதுக் கட்டடங்களும் எரிந்தன. அணைக்க ஒரு வாளிகூட இல்லை, ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். வேண்டாம் என்று பதில் வந்தது. என்ன பெயர் வைத்தாலும், எதற்காகச் சேர்ந்தாலும், நாலு பேர் கூடினால் கொஞ்ச நாளில் அது அரசியல் கும்பலாகிவிடும் என்றார் டிராஜன். ஊர் எரிந்தாலும் பரவாயில்லை, சங்கம் மட்டும் கூடாது.

அதே பிளினிதான் கிறிஸ்தவர்களைப் பற்றியும் எழுதிக் கேட்டார். யாரோ இவர்கள்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போடாத பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது. மொட்டைக் கடிதாசிதான், வேறென்ன. பிளினி ஒவ்வொருவரையும் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "ஆமாம், கிறிஸ்தவன்தான்" என்றவர்களுக்கு மரண தண்டனை. ரோமானியக் குடியுரிமை இருந்தவர்களை ரோமுக்கு அனுப்பினார். "இல்லை" என்றவர்கள் பேரரசர் சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைத் திட்டிவிட்டால் விடுதலை. உண்மையைத் தெரிந்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்த்தார். அளவு மீறிய மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்.

டிராஜனின் பதில் நாலைந்து வரிதான். தேடிப் பிடிக்க வேண்டாம். யாராவது பிடித்துக் கொடுத்து நிரூபித்தால் தண்டனை கொடு. மறுத்து, நம் தேவர்களை வணங்கினால் மன்னித்துவிடு. மொட்டைக் கடிதாசியை எந்த வழக்கிலும் ஏற்காதே, அது நம் காலத்துக்கு அழகல்ல.

பைல் பார்த்துப் பழகியவனுக்கு இந்தப் பதிலின் விசித்திரம் உடனே தெரியும். திருடனை யாராவது "தேடாதே" என்பார்களா? "இனிமேல் திருட மாட்டேன்" என்றால் விட்டுவிடுவார்களா? இது குற்றம், ஆனால் இந்த நிமிஷம் கைவிட்டால் குற்றமில்லை. ஆக அக்கம்பக்கத்தாருக்குக் கோபம் வந்தால்தான் வழக்கு வரும். அதனால்தான் இந்த ஒடுக்குமுறை அலை அலையாக, ஊர் ஊராக வந்தது.

அக்கம்பக்கத்தாருக்குக் கோபம் எப்போது வரும்? இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1999 ஆகஸ்ட் 17 அன்று இங்கே வந்த நிலநடுக்கத்தை இன்னும் பேசுகிறார்கள். 235 வாக்கில் கப்பதோக்கியாவிலும் பொந்துஸிலும் அடுத்தடுத்து பூமி அதிர்ந்து ஊர்கள் விழுந்தபோது, பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. தேவர்களுக்கு ஊரே சேர்ந்து பூசை செய்கிறது, இவர்கள் மட்டும் ஒதுங்கி நிற்கிறார்கள், அதனால்தான் தேவர்கள் சினந்தார்கள் என்று கணக்கு. பக்கத்து மாகாணத்தில் தொந்தரவு இல்லாததால் பலர் அங்கே ஓடிப் பிழைத்தார்கள்.

"யூதர்களும் பூசை பண்ண மாட்டாங்களே?" என்றாள் மகள். சரியான கேள்வி. ரோமானியர்களுக்கு அது முன்னோர் வழக்கம், பழசு. பழசுக்கு அங்கே மரியாதை உண்டு. கிறிஸ்தவர்களோ முன்னோர் வழக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். நம்பிக்கையைவிட இந்த விட்டுவந்ததுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

நாள் 2: இஸ்மித்

காலையிலிருந்து மழை. அறையிலேயே அடைந்து கிடந்ததால், நேற்று விட்ட கதையைத் தொடர்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. இதில் சான்றிதழ் வருகிறது.

212-ல் பேரரசர் கரகல்லா ஏறக்குறைய எல்லாச் சுதந்திரக் குடிமக்களுக்கும் ரோமானியக் குடியுரிமை கொடுத்துவிட்டார். அவருடைய குடும்பப் பெயரான அவுரேலியுஸ் லட்சக்கணக்கானவர்களின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை பூசை என்பது அந்தந்த ஊர் சமாச்சாரம். எல்லோரும் ரோமானியர் ஆனபிறகு, "ரோமானியர் எல்லோரும் செய்யுங்கள்" என்று ஒரே ஆணை போட வழி பிறந்தது. அந்த வழியை முதலில் பயன்படுத்தியவர் டேசியுஸ். 249-ல் ஆட்சிக்கு வந்தார். எல்லைகளில் எதிரிகள், நாட்டுக்குள் கலகம். எல்லோரும் தேவர்களுக்குப் பலி கொடுத்து, பலி உணவைச் சுவைத்து, அதற்குச் சான்றிதழும் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன. எல்லாம் பாப்பிரஸ் தாளில் எழுதியவை, பெரும்பாலும் 250 ஜூன், ஜூலை மாதத்தவை. படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது, அவ்வளவு பழகிய வடிவம். மேலே பெறுநர்: பலிகளைக் கண்காணிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு. அடுத்து இன்னார் மகள் இன்னார், இந்தக் கிராமம். பிறகு வாசகம்: "நான் எப்போதும் தேவர்களுக்குப் பலி கொடுத்து வந்திருக்கிறேன். இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் மது வார்த்து, பலி கொடுத்து, அதைச் சுவைத்தேன். கீழே சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." தெயதெல்ஃபியா கிராமத்துத் தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே இருவரின் சான்று: அவுரேலியுஸ் செரேனுஸ், ஹெர்மாஸ். "நீ பலியிட்டதைப் பார்த்தோம்." கடைசியில் தேதி. விண்ணப்பத்தின் உடல் எழுத்து எழுத்தருடையது, கையெழுத்து வேறொருவருடையது. தாலுகா ஆபீஸ் வாசல் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாள்களில் ஒன்றை வாங்கியிருப்பவர் ஒரு கோயில் பூசாரிணி, முதலைத் தெய்வமான பெத்தெசூகோஸின் பூசாரிணி. அவரே "நான் தேவர்களை வணங்குகிறேன்" என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. உயிரோடு எதிரில் நிற்பவரிடம் உயிர்வாழ் சான்று கேட்போமே, அந்த மாதிரி. இதிலிருந்து ஒன்று தெளிகிறது. ஆணை கிறிஸ்தவர்களைக் குறிவைத்துத் தொடங்கியதாகத் தெரியவில்லை. வலை எல்லோர்மேலும் விழுந்தது, அதில் சிக்கிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்கள்.

சிக்கியவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மறுத்தார்கள். ரோம் ஆயர் ஃபபியானுஸ் 250 ஜனவரியிலேயே உயிரிழந்தார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தலைமறைவானார். ஏராளமானவர்கள் பலி கொடுத்தார்கள். இன்னும் சிலர் பலி கொடுக்காமலே காசைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். இதற்கு நான் எந்த விளக்கமும் எழுதப் போவதில்லை. காசுக்குத் தாள் வாங்கியவர்களைத் திருச்சபை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்ற சண்டைதான் பிறகு பல வருஷம் ஓடியது. டேசியுஸ் 251-லேயே கோத்தியர்களுடன் நடந்த போரில் செத்துப்போக, சான்றிதழும் செத்தது.

இரண்டு வருஷம் கழித்து ஆட்சிக்கு வந்த வலேரியன் எல்லோரையும் விட்டுவிட்டுத் தலைவர்களைப் பிடித்தார். 257-ல் குருமார்களுக்கு நாடுகடத்தல், கல்லறைகளில் கூடுவதற்குத் தடை. 258-ல் குருமார்களுக்கு மரணம், கிறிஸ்தவச் செனட்டர்களுக்குச் சொத்துப் பறிப்பு. ரோம் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸை ஆகஸ்ட் 6 அன்று கல்லறைத் தோட்டத்திலேயே கொன்றார்கள். 260-ல் வலேரியன் பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் கைதியானார். மகன் கல்லியேனுஸ் உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, வழிபாட்டு இடங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆயர்களுக்கே கடிதம் எழுதினார்.

பிறகு நாற்பது வருஷம் அமைதி. இந்த அமைதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தியோக்கியாவில் பதவி பறிபோன ஆயர் ஒருவர் திருச்சபைக் கட்டடத்தைக் காலி செய்ய மறுத்தார். 272 வாக்கில் கிறிஸ்தவர்கள் வழக்கை யாரிடம் கொண்டுபோனார்கள் தெரியுமா? கிறிஸ்தவரல்லாத பேரரசர் அவுரேலியனிடம். அவரும், இத்தாலி ஆயர்களும் ரோம் ஆயரும் யாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே கட்டடம் என்று தீர்ப்புச் சொன்னார். அரசாங்கத்துக்கு இவர்கள் இப்போது ஒரு நிறுவனம்.

சாயங்காலம் மழை விட்டது. பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகம் போனோம். சுக்குர்பாக் பகுதியில் தோண்டியெடுத்த பளிங்குச் சிற்பப் பலகைகளின் மேல் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் இரண்டு பேரரசர்கள், டயோக்ளீஷியனும் அவர் துணை மாக்சிமியனும், கட்டித் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். மகள் அங்கேயே பத்து நிமிஷம் நின்றாள்.

நாள் 3: இஸ்மித், மேட்டுத் தெரு

இன்று மேட்டில் ஏறினோம். அரண்மனை இருந்த இடத்தைக் கைகாட்டிச் சொல்ல முடியாது, மேலே முழுக்க வீடுகள். ஆனால் சரிவில் நின்று வளைகுடாவைப் பார்த்தால் ஒரு காட்சி புரியும். 303-ல் இங்கே கிறிஸ்தவர்களின் கோயில் மேட்டில் இருந்தது, அரண்மனையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ஒளித்து வைத்த மதம் அல்ல அது. அரண்மனைப் பணியாளர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

நெருப்பைப் பற்றவைத்தது ஒரு குறி. சில வருஷம் முன்பு, பலி விலங்கின் குடலைப் பார்த்துக் குறி சொல்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கிறிஸ்தவப் பணியாளர்கள் சிலுவை அடையாளம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று புகார் போனது. அரண்மனை ஆட்களும் படைவீரர்களும் பலி கொடுக்க வேண்டும், மறுத்தால் அடி அல்லது வேலைநீக்கம் என்றார் டயோக்ளீஷியன். அவருடைய இளைய துணைப் பேரரசரான கலேரியுஸுக்கு அது போதவில்லை. 302–303 குளிர்காலம் முழுக்க இருவரும் இங்கே விவாதித்தார்கள். கடைசியில் தித்திமாவின் அப்பல்லோ கோயிலுக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். குறி கிறிஸ்தவர்களுக்கு எதிராக வந்தது.

நாள் குறித்தார்கள்: பிப்ரவரி 23, எல்லைத் தெய்வத்தின் திருவிழா. கிறிஸ்தவத்துக்கு எல்லை கட்ட நல்ல நாள் என்று நினைத்திருக்கிறார்கள். விடியும் முன் படை வந்து கதவை உடைத்து, வேதநூல்களை எரித்தது. கட்டடத்தையும் கொளுத்தலாம் என்றார் கலேரியுஸ். டயோக்ளீஷியன் தடுத்தார், சுற்றிலும் பெரிய வீடுகள், ஊர் எரிந்துபோகும் என்று. தீயணைப்புச் சங்கம் மறுக்கப்பட்ட ஊரல்லவா! காவல்படை கோடரியும் இரும்புக் கருவிகளுமாக வந்து சில மணி நேரத்தில் தரைமட்டமாக்கியது. இதைப் பதிவு செய்த லக்டான்சியுஸ் அப்போது இதே ஊரில் பேச்சுக்கலை ஆசிரியர். கிறிஸ்தவர், எதிரிகளைக் கரித்துக்கொட்டும் பேனா. அதனால் அவர் சொல்லும் அடைமொழிகளைக் கழித்துவிட்டுத்தான் படிக்கிறேன்.

மறுநாள் முதல் ஆணையை ஒட்டினார்கள். கோயில்களை இடி, நூல்களை எரி, பதவியிலிருக்கும் கிறிஸ்தவர்களின் தகுதியைப் பறி, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையும் கிடையாது. ஒருவர் அதைக் கிழித்தெறிந்தார், "கோத்தியர்களையும் சர்மாத்தியர்களையும் வென்ற பெருமையோ!" என்று கேலி செய்தபடி. அவரை உயிரோடு எரித்தார்கள். அடுத்த பதினைந்து நாளில் அரண்மனையில் இரண்டு முறை தீப்பிடித்தது. யார் வைத்தது என்று அவரவர் ஒரு கதை சொன்னார்கள்.

தலைநகரில் கோடரி என்றால், கீழே ஊர்களில் மகஜர். வட ஆப்பிரிக்காவின் சிர்த்தாவில் 303 மே 19 அன்று நகர அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போனார். அங்கே எடுத்த பொருள் பட்டியல் அப்படியே கிடைத்திருக்கிறது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்தவையாக இருக்க வேண்டும். நான் எத்தனையோ ஜப்திப் பட்டியல் எழுதியிருக்கிறேன். பொன் கிண்ணத்தைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை, 47 ஜோடி காலணியில் கண் நின்றுவிட்டது. நூல்களைக் கேட்டபோது, கூட்டத்தில் வேதம் படிக்கும் வாசகர்களிடம் இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள்.

எகிப்தில் 304-ல் இன்னொரு வாக்குமூலம். கீசிஸ் கிராமத்தில் முன்பிருந்த கோயிலின் வாசகர் அம்மோனியுஸ், தங்கள் கோயிலில் பொன், வெள்ளி, துணி, ஆடுமாடு, நிலம் எதுவும் இல்லை, இருந்த வெண்கலத்தை மட்டும் ஒப்படைத்துவிட்டோம் என்று சத்தியம் செய்கிறார். கீழே அவருக்காக வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார், "இவருக்கு எழுதத் தெரியாததால்." வேதம் வாசிப்பவருக்கு எழுதத் தெரியாதாம்! பொய் சத்தியத்துக்குத் தன் கை படக்கூடாது என்று நினைத்தாரோ, நிஜமாகவே தெரியாதோ. எனக்கு முதல் சந்தேகம்தான்.

தொடர்ந்து மேலும் மூன்று ஆணைகள். குருமார்களைக் கைது செய். பலி கொடுத்தால் விடு. கடைசியாக, 304-ல், எல்லோரும் பலி கொடு. ஆனால் பேரரசு அப்போது நான்கு பேர் கையில். மேற்கே கான்ஸ்டான்சியுஸ் கட்டடங்களை இடித்ததோடு நிறுத்திக்கொண்டார். கிழக்கில்தான் வருஷக்கணக்கில் ரத்தம்.

ஊரின் இனிப்பு பிஷ்மானியே வாங்கினோம். பிரித்தால் நம்ம சோன்பப்டி! துருக்கியில் பிஷ்மான் என்றால் மனம் வருந்துவது என்று கடைக்காரர் சொன்னார்.

நாள் 5: சோபியா

நேற்று முழுக்கப் பேருந்து. எல்லையில் மூன்று மணி நேரம் நின்றதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

மெட்ரோ நிலையத்தின் பெயரே செர்திக்கா, அதுதான் பழைய ஊர்ப் பெயர். படியிறங்கினால் ரோமானியத் தெருக்கல்மேல் கண்ணாடிக் கூரை. கலேரியுஸ் இந்தப் பக்கத்துக்காரர். ஒடுக்குமுறையை ஆரம்பிக்கச் சொன்ன அதே கலேரியுஸ், அடிவயிற்றில் புண் அழுகிப் படுக்கையில் கிடந்தபோது, 311-ல் அதை நிறுத்தினார். ஆணை இங்கே செர்திக்காவில் பிறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஏப்ரல் 30 அன்று அது நிக்கொமீடியாவில் ஒட்டப்பட்டது. சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

நோய் பயமுறுத்தியது என்பது லக்டான்சியுஸ் சொல்லும் காரணம். ஆணையின் வாசகம் வேறொன்று சொல்கிறது. முன்னோர் வழக்கத்தை விட்ட கிறிஸ்தவர்களைத் திருத்தப் பார்த்தோம், பலர் பணிந்தார்கள், பலர் செத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் தேவர்களுக்கும் உரிய வழிபாடு செய்யாமல், தங்கள் கடவுளையும் வணங்காமல் இருப்பதைப் பார்த்தோம். ஆகவே ஒழுங்கைக் கெடுக்காமல் மறுபடி கிறிஸ்தவர்களாக இருக்கலாம், கூடலாம். பதிலுக்கு நம் நலனுக்காகவும் அரசின் நலனுக்காகவும் தங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ள வேண்டும்.

மறுபடி படியுங்கள். அரசாங்கத்தின் கவலை மாறவே இல்லை. நாட்டுக்காக எல்லோரும் ஒரு தெய்வத்திடம் வேண்ட வேண்டும். அடித்துப் பார்த்ததில், எந்தத் தெய்வத்திடமும் வேண்டாத கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. அது அவர்கள் கணக்கில் இன்னும் மோசம். கவலை அதே கவலை, விலாசம்தான் இன்னொன்று. டிராஜன் "குற்றம், ஆனால் தேடாதே" என்றார். கலேரியுஸ் "இருக்கலாம்" என்று எழுத்தில் கொடுத்தார்.

கிழக்கில் பேரரசர் மாக்சிமினுஸ் டாயா ஆறு மாதம்கூடப் பொறுக்கவில்லை. நிக்கொமீடியாக்காரர்கள் தேவர் சிலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கிறிஸ்தவர்களை எங்கள் ஊரிலிருந்து விரட்டுங்கள் என்று மனு கொடுத்தார்கள். வேறு ஊர்களிலிருந்தும் மனுக்கள் குவிந்தன. மேலிடம் விரும்புகிறது என்று தெரிந்தால் மனு எவ்வளவு வேகமாக வரும் என்பது எனக்குத் தெரியும்.

313 பிப்ரவரியில் மிலானில் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் சந்தித்தார்கள். ஏப்ரல் 30-ல் லிசினியுஸ் டாயாவை முறியடித்தார். ஜூன் 13 அன்று நிக்கொமீடியாவில் மூன்றாவது தாள் ஏறியது. "மிலான் ஆணை" என்று நாம் சொல்வது உண்மையில் லிசினியுஸ் ஆளுநருக்கு எழுதிய கடிதம். கிறிஸ்தவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் விரும்பிய வழிபாட்டுக்குச் சுதந்திரம் என்கிறது. எனக்குச் சுவையான பகுதி நிலம் பற்றியது. பறிமுதலான இடங்களைத் திருச்சபைக்குக் காசு வாங்காமல் திருப்பிக் கொடு, அரசிடம் வாங்கியவர்களும் கொடுக்க வேண்டும், நஷ்டம் என்றால் அவர்கள் அரசிடம் மனு செய்யலாம். இடம் தனியாருக்கல்ல, சங்கத்துக்குச் சொந்தம் என்றே எழுதியிருக்கிறது. தீயணைப்புச் சங்கம் கேட்ட பிளினி இதைப் படித்திருக்க வேண்டும்!

ஜனாதிபதி மாளிகைக்குப் பின்னால் புனித ஜார்ஜ் வட்டக் கோயில், சிவப்புச் செங்கல், நாலாம் நூற்றாண்டு. உள்ளே ஒரு பாட்டி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். புகைப்படம் எடுக்கவில்லை.

நாள் 6: தெசலோனிக்கி

கலேரியுஸின் வெற்றி வளைவை ஊர்க்காரர்கள் கமாரா என்கிறார்கள். எல்லோரும் நண்பர்களுக்காகக் காத்திருக்கும் இடம். பாரசீகத்தை வென்றதற்காகக் கட்டியது. தூணில் ஒரு பலகையை மகள்தான் கண்டுபிடித்தாள்: டயோக்ளீஷியனும் கலேரியுஸும் பலிபீடத்தின் இருபக்கமும் நின்று பூசை செய்கிறார்கள். சாம்பிராணி போடும் அந்தக் காட்சிக்கு நேர் கீழே ஒரு பையன் யாரோ ஒருத்திக்காக மணிபார்த்துக்கொண்டு நின்றான்.

இதே ஊரிலிருந்துதான் 380 பிப்ரவரியில் பேரரசர் தியோடோசியுஸின் ஆணை போனது: பேரரசின் மக்கள் எல்லோரும் ரோம், அலெக்சாண்டிரியா ஆயர்களின் நம்பிக்கையைப் பின்பற்ற வேண்டும். 392-ல் இன்னொன்று. வீட்டுக்குள்ளேகூடத் தேவர்களுக்குச் சாம்பிராணி போடக்கூடாது, மது வார்க்கக்கூடாது, போட்ட வீடு பறிமுதல்.

"அப்போ அந்தப் பூசாரிணி மாதிரி ஆளுங்க என்னப்பா பண்ணியிருப்பாங்க?" என்றாள் மகள்.

அதற்குச் சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை என்றேன். அந்தப் பையனின் தோழி வந்துவிட்டாள். நாங்களும் சாப்பிடப் போனோம்.